வரி அதிகாரி அனுப்பிய இருபத்திரண்டு கேள்விகள்: பதில் எழுதும் விதம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வரி ஏஜெண்டிடம் நான் கிராணியாக இருக்கிறேன். எஸ்டேட்டில் கிராணியாக இருந்த அப்பா செக்ரோல் எழுதினார், மகள் மற்றவர்களின் வரிக் கணக்கை எழுதுகிறேன். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் லோரி வைத்திருப்பவர்கள், செம்பனை குலை வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், மளிகைக்கடைக்காரர்கள். உள்நாட்டு வருமான வரி வாரியத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்து, அதில் இருபது முப்பது கேள்விகள் இருந்தால், இரவில் தூக்கம் போய்விடுகிறது என்கிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் பெரும்பாலான தகராறு கேள்வியால் வருவதில்லை, பதில் எழுதுகிற லட்சணத்தால்தான் வருகிறது.

ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம், லோரிக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். ஆளையும் தொகைகளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். செம்பனை ஆலைக்குக் குலை ஏற்றும் இரண்டு லோரி வைத்திருந்தார், அதில் ஒன்றை 2023இல் விற்றுவிட்டார். அந்த வருடத்து வரிப் படிவமான பாரம் பி-யில் மொத்தத் தொழில் வருமானம் 148,600 வெள்ளி என்று காட்டியிருந்தார். கடிதத்தில் 22 கேள்விகள், பதில் தர 21 நாள்.

முதல் நாள் செய்ய வேண்டியது

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை மேசையில் வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பில் ஒன்றை எழுதுங்கள்: கையில் இருக்கிறது, வேறு இடத்தில் கேட்டு வாங்க வேண்டும், இல்லவே இல்லை. பேங்க், ஆலை, ஈபிஎஃப் போன்ற இடங்களிலிருந்து வாங்க வேண்டியவற்றுக்கு அன்றைக்கே எழுதிப் போட்டுவிடுங்கள். நம் கையில் இருப்பதை இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம், பிறர் தர வேண்டியதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

21 நாள் போதாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். எந்தெந்தக் கேள்விக்கு எந்தப் பத்திரம் வரவில்லை, எப்போது கேட்டீர்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் டைம் வேணும்" என்று போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. பேசாமல் இருந்தாலும் விட்டுவிட மாட்டார்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் பேங்க் கணக்கு விவரம் கேட்கவும், 81ஆம் பிரிவில் மற்ற விவரம் கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தக்க காரணமில்லாமல் பதில் தராவிட்டால் 120ஆம் பிரிவில் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட நடைமுறையில் வலிக்கிற விஷயம், அதிகாரியே ஒரு வருமானத்தை மதிப்பிட்டு வரி போட்டுவிடுவதுதான். அப்புறம் அது தப்பு என்று காட்டுவது நம் தலையில் விழும்.

கேள்வி ஒன்று, அதன் கீழே பதில் ஒன்று

லோரிக்கார அண்ணன் முதலில் தானே ஒரு பதில் எழுதிக்கொண்டு வந்தார். இரண்டரைப் பக்கக் கதை. 1998இல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது முதல் எழுதியிருந்தார், பாவம். படிக்க எனக்குப் பிடித்தது, ஆனால் ஏழாம் கேள்விக்குப் பதில் எங்கே என்று தேடினால் மூன்று பத்தியில் சிதறிக் கிடந்தது. அதிகாரி கையில் கேள்விப் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வருவார். டிக் போட முடியாத இடம் எல்லாம் அடுத்த கடிதத்தில் புதுக் கேள்வியாகத் திரும்பி வரும்.

அதனால் கடிதத்தில் உள்ள கேள்வியை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், அதே எண்ணோடு தட்டுங்கள். அதன் கீழே பதில். பதிலின் முதல் வாக்கியத்திலேயே விடை வந்துவிட வேண்டும், தொகை கேட்டால் தொகை, ஆம் இல்லை என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை. அப்புறம் ஒன்றிரண்டு வாக்கியத்தில் விளக்கம். கடைசியில் "லம்பிரான் 7ஏ பார்க்க" என்று இணைப்பின் எண். பதில் மலாயில் இருக்கட்டும், எங்கள் ஆபீஸில் அப்படித்தான் செய்கிறோம். தமிழில் எழுதின நோட்டுப்புத்தகக் கணக்கு இருந்தால் அதன் பக்கத்தை மலாயில் பெயர்த்து இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் எண்ணை விடாதீர்கள். 14ஆவது கேள்வி வெளிநாட்டுச் சொத்து பற்றி, அண்ணனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அங்கே 14 என்று போட்டு "தியாடா" என்று எழுதினோம். வெறுமனே விட்டால் மறந்ததா மறைத்ததா என்று தெரியாது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரு கடைக்காரர் சம்பளச் செலவு பற்றின கேள்விக்கு, "என் தம்பியும் இதே கடையில் தனியாக போன் கார்டு வியாபாரம் செய்கிறான்" என்று சும்மா எழுதிவைத்தார். அடுத்த கடிதம் தம்பி பெயருக்கே வந்தது.

எல்லாருக்கும் வியர்க்கும் கேள்வி

அது பேங்க் கேள்விதான். அண்ணனுக்கு ஏழாவது. 2023இல் உங்கள் கணக்கில் விழுந்த மொத்தத் தொகை 231,900 வெள்ளி, காட்டிய வருமானம் 148,600 வெள்ளி, வித்தியாசம் 83,300 வெள்ளியை விளக்குக என்று கேட்டிருந்தார்கள்.

"குடும்பப் பணம், கடன் வாங்கினது" என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் முதலில் தோன்றும். அது செல்லாது. பேங்க் ஸ்டேட்மெண்ட் பன்னிரண்டு மாதத்தையும் எடுத்து, ஆலை போட்ட கூலி அல்லாத ஒவ்வொரு வரவின் பக்கத்திலும் பேனாவால் ஓர் எழுத்து போடச் சொன்னேன். ஹைலைட்டர் வேண்டாம், போட்டோஸ்டாட் எடுத்தால் அந்த வரியே கறுத்துப்போய்விடும். எழுத்துகளைக் கூட்டினதும் இப்படி வந்தது:

ஏ. பழைய லோரி விற்றது: 28,000
பி. மாமியார் கொடுத்த கடன்: 20,000
சி. தன்னுடைய இன்னொரு சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றியது: 19,300
டி. கோயில் திருவிழாப் பணம்: 12,400
இ. எதுவென்று தெரியாத ரொக்க வரவு: 3,600
மொத்தம்: 83,300

காசு பிசகாமல் அதிகாரியின் எண்ணுக்கே வந்து நிற்க வேண்டும். ஐம்பது வெள்ளி இடித்தாலும் அனுப்பாதீர்கள், எங்கேயோ ஒரு வரவை இரண்டு முறை எண்ணியிருப்பீர்கள்.

சி-தான் சுலபம். இரண்டு கணக்கின் ஸ்டேட்மெண்டையும் வைத்து, ஒன்றில் வெளியே போன தேதியும் மற்றதில் உள்ளே வந்த தேதியும் ஒன்றாக இருப்பதைக் காட்டினால் போதும். ஆனால் அந்த இரண்டாவது கணக்கை மூன்றாம் கேள்வியில், அதாவது உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்கையும் பட்டியலிடுக என்ற இடத்தில், சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அண்ணன் சேர்க்கவில்லை, "அதுல காசே இல்லையே" என்றார். காசு இல்லாத கணக்கும் கணக்குதான்.

டி நம் ஊருக்கே உரியது. கோயில் கமிட்டிப் பொருளாளர் அவர், திருவிழா நன்கொடையை அவர் கணக்கிலேயே போட்டுவிட்டார்கள். ரசீது புத்தகத்தின் அடிக்கட்டை, கூடாரக்காரர் பில், அன்னதானச் சாமான் பில், பணம் அவர் கணக்கில் இருக்கும் என்று முடிவு செய்த கமிட்டிக் கூட்டக் குறிப்பு, மிச்சம் 220 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்ததற்குச் செயலாளர் கையெழுத்து. இவ்வளவும் இருந்ததால் பிழைத்தார். கூட்டக் குறிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால் விளக்கம் நொண்டியிருக்கும். கோயில் பணத்துக்குக் கோயில் பெயரிலேயே கணக்கு திறங்கள் என்று நான் சொன்னது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஏ-யில்தான் ஆபத்து. லோரி விற்றது வருமானம் இல்லை, சொத்து விற்ற பணம் என்று எழுதிவிடலாம் என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தொழிலுக்கு வாங்கும் லோரியின் விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் கழித்துக்கொள்ள விடுகிறார்களே, எலாவுன் மோடால் என்று, அதை அவர் ஏற்கெனவே அனுபவித்திருந்தார். 2018இல் 60,000 வெள்ளி கைக்காசு கொடுத்து வாங்கினார். முதல் வருடம் தொடக்கச் சலுகை 20 விழுக்காடு, அதோடு வருடாந்தரச் சலுகை 20 விழுக்காடு, சேர்த்து 24,000 கழிந்தது. பிறகு 2019, 2020, 2021 மூன்று வருடமும் 12,000, 12,000, 12,000. ஆக 60,000 முழுவதும் கழிந்து, கணக்கில் அந்த லோரியின் மிச்ச மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தில் நிற்கிற லோரியை 28,000க்கு விற்றால், கூடுதலாகக் கழித்துவிட்ட அந்த 28,000த்தை வருமானத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். இதற்குச் சாஜ் இம்பாங்கான் என்று பெயர். 2023 பாரத்தில் அது இல்லை.

அப்படியானால் ஏ-க்கு உண்மையான பதில், "லோரி விற்ற பணம், இதற்கான சாஜ் இம்பாங்கான் 28,000 வெள்ளி பாரத்தில் விடுபட்டுவிட்டது, சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்" என்பதுதான். இ-க்கும் அப்படியே. அந்த 3,600 என்னவென்று அவருக்கே நினைவில்லை, சில்லறை நடைக்கு வாங்கின ரொக்கமாகத்தான் இருக்கும் என்றார். அதற்கு ஒரு கதை கட்டுவதைவிட வருமானத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார் எங்கள் ஏஜெண்ட். மொத்தம் 31,600 கூடுதல் வருமானம், அதற்கு வரி, வரிக்கு மேல் அபராதம். 113(2)ஆம் பிரிவில் அபராதம் விடுபட்ட வரிக்குச் சமமான தொகை வரை போகலாம். நாமே எடுத்துச் சொல்லி எல்லாப் பத்திரமும் கொடுக்கும்போது குறைத்துக் கேட்க இடம் இருக்கிறது. ஏ-யை வெறும் சொத்து விற்பனை என்று எழுதியிருந்தால், அதிகாரி அவருடைய பழைய பாரங்களைத் திறந்து பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

மாமியாரின் கைநாட்டு

பி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. மாமியார் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஈபிஎஃப் பணத்தை எடுத்துப் பேங்கில் வைத்திருந்து, மருமகன் லோரிக்கு என்ஜின் மாற்றக் கேட்டபோது 20,000 கொடுத்தார். பத்திரம் ஒன்றும் எழுதவில்லை. யார் எழுதுவார்கள்?

உடனே அண்ணன், "இப்போ ஒரு அக்ரிமெண்ட் எழுதி பழைய தேதி போட்டுடலாமா?" என்றார். கூடாது. பொய் என்பது ஒரு பக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி வாங்குவதும் இதே வாரியம்தான். 2023 தேதி போட்ட பத்திரத்தில் இன்றைய முத்திரை இருந்தால் அதுவே காட்டிக் கொடுக்கும்.

வேண்டியது மூன்று. ஈபிஎஃப் கொடுத்த தொகை காட்டும் பத்திரம், மாமியார் பேங்க் புத்தகத்தில் 20,000 வெளியே போன வரி, அண்ணன் கணக்கில் அதே நாள் உள்ளே வந்த வரி. இவை பணம் போன வழியைக் காட்டும். அது கடன்தான் என்பதற்கு மாமியாரின் வாக்குமூலம், அதாவது 1960 சட்டப்படியான ஆக்குவான் பெர்க்கானுன். இதில் சத்தியப்பிரமாண ஆணையர், அதாவது பெசுருஹ்ஜாயா சும்பா முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய்ச் சாப்பு மட்டும் வாங்கி வரலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படிச் சாப்பு அடித்துக் கொடுப்பவர் கிடைத்தாலும் வாங்காதீர்கள், ஆள் வரவில்லை என்று பிறகு தெரிந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

கைநாட்டு வைப்பவராக இருந்தால் இன்னொன்று. பத்திரம் மலாயில் இருக்கிறது, அவருக்குத் தமிழ்தான் தெரியும். வாசகம் அவருக்குத் தமிழில் படித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார் என்று அடியில் எழுதியிருக்க வேண்டும், விளக்கியவர் பெயரும் ஐசி எண்ணும் அங்கே வர வேண்டும். கடன் வாங்கின மருமகனே விளக்கினார் என்று போட்டால் அழகாக இருக்காது, வேறு ஒருவரை அழைத்துப் போங்கள். நாங்கள் பக்கத்து வீட்டு ரிட்டையர் ஆன வாத்தியாரை அழைத்துப் போனோம். பாட்டி தன் ஐசியை மறந்துவிட்டு வந்ததால் ஒரு முறை திரும்பிப் போக வேண்டியதாயிற்று, அது வேறு.

வாக்குமூலத்தோடு சேரும் பேங்க் புத்தக நகலிலும், "இந்த வாக்குமூலத்தில் குறிப்பிட்ட இணைப்பு இதுதான்" என்று பெசுருஹ்ஜாயா சும்பா சாப்பு அடித்துக் கையெழுத்திட வேண்டும். நேரில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இணைப்புகளுக்கு எண் போடுவது

லம்பிரான் 1, 2, 3 என்று வரிசையாகப் போடுவதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. கடைசி நாளில் ஒரு பில் கிடைத்து நடுவில் செருகினால் பிறகு வரும் எல்லா எண்ணும் மாறும், பதிலில் உள்ள எண்கள் மாறாது. எங்கள் ஆபீஸில் ஒரு முறை அப்படித்தான் டீசல் பில்லைத் தேடிப் போன அதிகாரிக்குக் கல்யாணப் பத்திரம் கிடைத்தது. கேள்வி எண்ணையே இணைப்பு எண்ணாக வையுங்கள்: ஏழாம் கேள்விக்கு 7ஏ, 7பி, 7சி. இணைப்பே இல்லாத கேள்விக்கு எண் தாண்டிப் போகட்டும், பரவாயில்லை.

ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையில் 7பி, பக்கம் 2, மொத்தம் 4 என்பது போல எழுதுங்கள். ஒரே பத்திரம் இரண்டு கேள்விக்கு வந்தால் இரண்டு நகல் வைக்காமல் "லம்பிரான் 3ஏ பக்கம் 5 பார்க்க" என்று எழுதினால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பக்கப் பட்டியல்: எண், என்ன பத்திரம், எத்தனை பக்கம்.

டீசல் ரசீது போன்ற வெப்பத்தாள் ரசீதுகள் வெளுத்துப்போகும். அண்ணனுடைய 2023 ரசீதுகளில் பாதி வெள்ளைத்தாள். ஏழு வருடம் பத்திரங்களை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம், அந்தத் தாள் ஏழு மாதம்கூட நிற்காது. இல்லாததை இல்லை என்று எழுதி, வேறு வழியில் நிரூபித்தோம்: செலவு காட்டியது 38,700 வெள்ளி, அன்றைய விலை லிட்டர் 2.15, ஆக 18,000 லிட்டர். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் 54,000 கிலோமீட்டர். ஆலையின் எடைச்சீட்டுகளில் உள்ள நடைகளையும் தூரத்தையும் பெருக்கினால் அதற்குப் பக்கத்தில் வந்தது. ரசீதுக்கு இது முழு ஈடு இல்லை, ஆனாலும் வெறும் வாயால் சொல்வதைவிட மேல்.

கடைசிப் பக்கமும் கையெழுத்தும்

பதிலின் முடிவில் ஒரு வாசகம்: மேலே 1 முதல் 22 வரை உள்ள பதில்களும் இத்தனை பக்க இணைப்புகளும் நான் அறிந்தவரை உண்மை, முழுமை. கீழே கையெழுத்து, ஐசியில் உள்ளபடி முழுப்பெயர், ஐசி எண், வரி எண், தேதி. தனி ஆள் தொழில் என்றால் அந்த ஆள்தான் போட வேண்டும், கணக்கு எழுதும் மனைவியோ மகனோ அல்ல. கம்பெனி என்றால் டைரக்டர். வரி ஏஜெண்ட் உங்களுக்காகப் பேசலாம், அதற்கு நியமனக் கடிதம் வேண்டும், ஆனால் தகவல் உண்மை என்ற வாசகத்தில் தொழில்காரரே கையெழுத்திடுவதைத்தான் நாங்கள் கேட்போம். என்னைப் போன்ற கிராணி போட்டால் அது வெறும் கிறுக்கல்.

பேங்கில் போடும் அதே கையெழுத்தாக இருக்கட்டும். மற்ற எல்லாப் பக்கத்திலும் கீழ் மூலையில் சுருக்கொப்பம். நகல்களில் "அசலின் நகல்" என்று எழுதி ஒப்பமிட்டு, அசலைத் தனிக் கோப்பில் வையுங்கள், கேட்டால் காட்டலாம். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் சில கணக்காளர்களிடம் உண்டு. "லோரி எடுத்துட்டு கிளந்தான் போறேன், நீயே தட்டிக்க" என்று அண்ணனும் நீட்டினார். வாங்கவில்லை. திரும்பி வந்தபின் 22 பதிலையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக் காட்டி, பிறகு போடச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதுதான் 17ஆம் கேள்வியில் லோரி நம்பர் தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இரண்டு செட் தயார் செய்து ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கவுண்டரில் ஒன்றைக் கொடுத்து, மற்றதின் முதல் பக்கத்தில் தேதியோடு பெற்றுக்கொண்ட சாப்பு வாங்கி வந்தார். தபாலில் அனுப்பினால் ரசீதை அந்த நகலோடு ஸ்டேபிள் செய்யுங்கள். பிறகு வரி மதிப்பீட்டு நோட்டீஸ் வந்து அதில் உடன்பாடு இல்லை என்றால் பாரம் கியூ போட 30 நாள்தான், அப்போதும் இந்தச் செட்தான் கையில் வேண்டும்.

ஏழு வாரம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. ஒரே ஒரு கேள்வி: லம்பிரான் 7டி-யில் உள்ள கோயில் ரசீது புத்தகத்தின் அசலைக் கொண்டுவரவும். கமிட்டித் தலைவரும் கூடவே வருகிறேன் என்று கிளம்பினார். வேண்டாம், புத்தகம் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.